"வயித்தால போகுது, என்ன குடுக்கணும்?" என்று கைபேசியைக் கேட்பவருக்கு எழுதுவது

தமிழில் உடல்நலக் குறிப்பு எழுதும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். நீளமான பதிவு. குரல் தேடலுக்கு எழுதுவது பற்றி ஆங்கிலத்தில் சொல்லப்படும் ஆலோசனைகளை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் உருப்படாது என்பது என் உறுதியான கருத்து. காரணத்தை ஒரே ஒரு கேள்வியை வைத்துச் சொல்லிவிடுகிறேன்: வீட்டிலேயே உப்பு சீனிக் கரைசல் செய்வது எப்படி?

இதைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இந்தக் கேள்வியைக் கேட்பவர் இடுப்பில் குழந்தையோடு அடுக்களையில் நிற்கிறார். அவரால் தட்டச்சு செய்ய முடியாது, திரையையும் பார்க்க முடியாது. காதில் விழுவது மட்டும்தான் அவருக்குப் பதில். அந்தப் பதிலில் அளவு மாறிப்போனால் குழந்தைக்கு ஆபத்து.

முதலில் கேள்வி. கூகுளில் தமிழில் பேசித் தேடும் வசதி 2017 ஆகஸ்டில் வந்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் நம் பக்கங்களின் தலைப்புகள் "வயிற்றுப்போக்கு: காரணங்களும் சிகிச்சை முறைகளும்" என்றுதான் இருக்கின்றன. அப்படி யாரும் வாய்திறந்து கேட்பதில்லை. "குழந்தைக்கு வயித்தால போகுது என்ன குடுக்கணும்", "லூஸ் மோஷனுக்கு உப்பு சக்கர தண்ணி எப்படி கலக்கறது", "பேதி நிக்க மாட்டேங்குது" என்றுதான் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருந்து கேட்பவர் "வயித்தோட்டம்" என்பார். கரைசலையும் "ஜீவனி" என்றே கேட்பார், அங்கே பாக்கெட்டில் வரும் பெயர் அதுதான். இந்தச் சொற்களில் ஒன்றுகூட இல்லாத பக்கத்தை அந்தக் கேள்வியோடு பொருத்த தேடுபொறி திணறும்.

அதற்காகப் பத்து வட்டார வழக்கையும் தலைப்பில் கொட்ட வேண்டாம். தலைப்பில் ஒரு கேள்வி போதும்: "குழந்தைக்கு வயிற்றால் போகிறது, உப்பு சீனிக் கரைசல் எப்படிக் கலப்பது?" மற்ற சொற்களைக் கீழே விளக்கப் பத்தியில் இயல்பாக வைக்கலாம்: "பேதி, லூஸ் மோஷன், வயிற்றோட்டம் என்று எப்படிச் சொன்னாலும் முதல் வேலை ஒன்றுதான், உடம்பு இழக்கும் நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுப்பது." வாக்கியமும் உயிரோடு இருக்கிறது, சொற்களும் வந்துவிட்டன.

உங்கள் தளத்துக்கு ஏற்கெனவே எந்தக் கேள்விகள் வருகின்றன என்பதை, தேடலில் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவியான Search Console-இல் பார்க்கலாம். வினவல் வடிகட்டியில் `Custom (regex)` என்பதைத் தேர்ந்து இதை ஒட்டுங்கள்:

```
எவ்வளவு|எவ்ளோ|எத்தனை|எப்படி|எப்ப|என்ன|லாமா|ணுமா
```

கடைசி இரண்டையும் கவனியுங்கள். ஆங்கிலக் கேள்வியைத் தேடுபவர்கள் கேள்விச் சொல்லை வாக்கியத்தின் தொடக்கத்தில் எதிர்பார்ப்பார்கள். தமிழில் பாதிக் கேள்விகள் வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும்: கொடுக்கலாமா, நிறுத்தணுமா. இங்கே ஒரு வரம்பும் உண்டு. எது குரலில் வந்தது, எது தட்டச்சில் வந்தது என்று அந்தக் கருவி பிரித்துக் காட்டாது. மிகச் சிலரே கேட்ட கேள்விகளை மறைத்தும்விடும். பேச்சில் வரும் நீண்ட கேள்விகள் பெரும்பாலும் அப்படித்தான் மறைந்துபோகின்றன. ஆகவே மருந்துக்கடையில் நிற்பவரிடமும் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரிடமும் "அம்மாக்கள் எந்த வார்த்தையில் கேட்கிறார்கள்" என்று விசாரித்து எழுதிக்கொள்வது இன்னும் பயனுள்ளது.

இந்த -ஆ கேள்விகளுக்குப் பதில் எழுதுவதில் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. "தாய்ப்பால் கொடுக்கலாமா?" என்ற கேள்விக்கு "ஆம், வயிற்றுப்போக்கின்போது தாய்ப்பால்…" என்று தொடங்குகிறார்கள். நாம் பேசும்போது ஆம் என்றா சொல்கிறோம்? கேட்ட வினையையே திருப்பிச் சொல்வோம்: "கொடுக்கலாம். நிறுத்தவே கூடாது." முதல் சொல்லிலேயே பதில் முடிந்துவிட்டது. பாதியில் குழந்தை அழுதாலும் அம்மாவுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

இப்போது கரைசல். பல ஆண்டுகளாகச் சொல்லித்தரப்படும் அளவு இது: ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டிய அளவு. நம் பக்கங்களில் இது எப்படி எழுதப்படுகிறது என்று பாருங்கள்.

"நன்கு கொதிக்கவைத்து ஆறிய நீரில் (1 லி.) 6 தே.க. சர்க்கரை மற்றும் ½ தே.க. உப்பு சேர்த்து நன்கு கலக்கிய பின், ஒவ்வொரு முறை மலம் கழித்த பிறகும் 50-100 மி.லி. வீதம் கொடுத்துவர நல்ல பலன் கிடைக்கும்."

கண்ணுக்கு இதில் பெரிய குறையில்லை. இதைக் கைபேசி வாசித்துக் கேளுங்கள். "தே.க." சுருக்கத்தில் வரும் புள்ளியை வாக்கிய முடிவாக எடுத்துக்கொண்டு குரல் நின்றுவிடும். ½ சில குரல்களில் விழுங்கப்படும், சிலவற்றில் வேறு ஏதோவாக ஒலிக்கும். "1 லி." சில நேரம் "ஒன்று லி" ஆகும். "50-100" இடையில் உள்ள கோடு காணாமல் போனால் "ஐம்பது நூறு" என்று கேட்கும். எனவே காதுக்குப் போகும் பத்தியில் இலக்கம், சுருக்கம், அடைப்புக்குறி, கோடு எதுவும் வேண்டாம். "ஒரு லிட்டர்", "அரை டீஸ்பூன்", "ஐம்பது முதல் நூறு மில்லி வரை" என்று எழுத்தில் எழுதுங்கள். கீழே அட்டவணை போட்டால் அங்கே இலக்கங்கள் இருக்கட்டும்.

இதைவிட மோசமான சிக்கல் ஒன்று உண்டு. அந்த வாக்கியத்தில் "ஆறிய", "ஆறு", "அரை" மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தத்தில் ஆறு எதற்கு, அரை எதற்கு என்று குழம்ப நிறைய வாய்ப்பு. குழம்பினால் உப்பு பல மடங்காகிவிடும். உப்பு மிகுந்த கரைசல் குழந்தையின் ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி வலிப்புவரை கொண்டுபோகும். அதனால் "ஆறிய" என்ற சொல்லையே எடுத்துவிட வேண்டும், உப்பையும் சீனியையும் தனித்தனி வாக்கியமாகப் பிரிக்க வேண்டும், உப்பின் அளவை இரண்டு முறை சொல்ல வேண்டும். எழுத்தில் கூறியது கூறல் குற்றம் என்று படித்திருக்கிறோம். காதுக்கு எழுதும்போது ஆபத்தான அளவைத் திரும்பச் சொல்லாமல் விடுவதுதான் குற்றம்.

அடுத்தது சர்க்கரை. சென்னையில் சர்க்கரை என்றால் வெள்ளைச் சர்க்கரை. மதுரைக்குத் தெற்கேயும் இலங்கையிலும் அதைச் சீனி என்பார்கள். இலங்கையில் சர்க்கரை என்று கேட்டால் வெல்லம்தான் நினைவுக்கு வரும். படத்தோடு இருந்தால் இந்தக் குழப்பம் வராது, குரலில் வரும். "சீனி, அதாவது வெள்ளைச் சர்க்கரை" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் தீர்ந்தது. அதேபோல் "தேக்கரண்டி" நல்ல சொல்தான், ஆனால் அடுக்களையில் நிற்பவர் டீஸ்பூன் என்றுதான் தேடி எடுப்பார்.

இவ்வளவையும் சேர்த்தால் பதில் இப்படி வரும்.

"ஒரு லிட்டர் சுத்தமான குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். டீஸ்பூனைத் தலைதட்டி அளக்க வேண்டும். உப்பு அரை டீஸ்பூன் போடுங்கள். சீனி, அதாவது வெள்ளைச் சர்க்கரை, ஆறு டீஸ்பூன் போடுங்கள். நன்றாகக் கரையும்வரை கலக்குங்கள். உப்பு அரை டீஸ்பூனைத் தாண்டக் கூடாது. மலத்தில் ரத்தம் வந்தாலோ, குழந்தை குடிக்க மறுத்தாலோ, துவண்டு போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்."

வரிசையைக் கவனியுங்கள். கேட்பவர் கேட்டுக்கொண்டே செய்வார். தலைதட்டி அளக்கச் சொல்வதைக் கடைசியில் வைத்தால் அதற்குள் குவியலாகப் போட்டு முடித்திருப்பார். தமிழில் வினை கடைசியில்தான் வரும். "எடுத்து, சேர்த்து, கலக்கி, ஆறவைத்து" என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போனால் எல்லாவற்றையும் மனத்தில் தாங்கியபடி கடைசி வினைக்குக் காத்திருக்க வேண்டும். வாக்கியத்துக்கு ஒரு செயல், அதோடு முற்றுவினை.

ஆபத்து அறிகுறிகளைத் தனிப் பத்தியாக்கலாமே, பதில் சுருங்குமே என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குரல் வாசிப்பது பெரும்பாலும் ஒரு பத்தியைத்தான். கேட்பவர் கீழே இறங்கிப் படிக்கப் போவதில்லை. ஒவ்வொரு முறைக்கும் எவ்வளவு கொடுப்பது என்பதை வேண்டுமானால் அடுத்த கேள்வியாகப் பிரிக்கலாம், அதைத் தனியாகக் கேட்பார்கள். "இரண்டு வயதுக்குக் கீழ் என்றால், ஒவ்வொரு முறை போன பிறகும் ஐம்பது முதல் நூறு மில்லி வரை கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள்." கடையில் விற்கும் கரைசல் பொடிப் பாக்கெட் பற்றியதும் தனிக் கேள்விதான். பாக்கெட் கிடைத்தால் வீட்டுக் கரைசலைவிட அதுவே நல்லது. ஆனால் ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. இருநூறு மில்லிக்கான சிறு பாக்கெட்டும் கடையில் இருப்பதால் குழப்பம் கூடுகிறது. அங்கே முதல் வாக்கியமே "பாக்கெட்டின் மேல் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவு தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள்" என்று இருக்க வேண்டும்.

நீளம் பற்றி ஒரு வார்த்தை. 2018இல் தேடல் பற்றி ஆய்வு செய்யும் பேக்லிங்கோ நிறுவனம், பேசினால் பதில் சொல்லும் கூகுள் ஹோம் கருவியின் ஆங்கிலப் பதில்களை எண்ணிப்பார்த்து, சராசரி 29 சொற்கள் என்றது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தமிழில் சொல் எண்ணுபவர்கள் இருக்கிறார்கள். "எடுத்துக்கொள்ளுங்கள்" நமக்கு ஒரு சொல். சொல் கணக்கு இங்கே உதவாது, கடிகாரம்தான் உதவும். வாசித்தால் அரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும். பக்கத்தில் எந்தப் பகுதியை உரக்க வாசிக்கலாம் என்று காட்டும் கூகுளின் `speakable` குறியீட்டுக்கான வழிகாட்டியும் ஒரு பகுதிக்கு 20 முதல் 30 நொடி என்கிறது. அந்தக் குறியீடு ஆங்கிலச் செய்தித் தளங்களுக்கான சோதனை வசதி, தமிழ்ப் பக்கத்தில் அதற்கு நேரம் செலவிட வேண்டாம். கேள்வியைத் துணைத்தலைப்பாகவும் பதிலை உடனே அதன் கீழே ஒரே பத்தியாகவும் வைத்தால் போதும். இடையில் விளம்பரமோ முன்னுரையோ நுழையக் கூடாது.

பேச்சுத் தமிழிலேயே பதிலும் எழுதலாமா என்று கேட்பார்கள். எழுத வேண்டாம். "வெச்சுக்கோங்க", "குடுங்க" என்பதை ஊருக்கு ஊர் வேறாக எழுதுவோம், குரலும் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகத் தடுக்கி வாசிக்கும். பழைய வானொலி வேளாண் நிகழ்ச்சிகளில் கேட்ட தமிழ் சரியாக இருக்கும்: "போடுங்கள்", "கொடுங்கள்". எல்லா ஊருக்கும் புரியும், யாருக்கும் அந்நியமாக இருக்காது.

வெளியிடும் முன் இரண்டு சோதனை செய்யுங்கள். ஆண்ட்ராய்டு கைபேசியில் `Select to Speak` வசதியை இயக்கி அந்தப் பத்தியைத் தமிழ்க் குரலில் கேளுங்கள். தடுக்கும் இடம் எல்லாம் அப்போதே தெரியும். பிறகு அதைப் படித்திராத ஒருவரை அடுக்களையில் நிறுத்தி, குழாயைத் திறந்துவிட்டு, ஒரே ஒரு முறை ஒலிக்கவிட்டு, உப்பு எவ்வளவு, சீனி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கேளுங்கள். மூன்றில் ஒன்றை மாற்றிச் சொன்னாலும் அந்தப் பத்தியை மறுபடி எழுதுங்கள்.