திரை கறுத்தால் கண்ணாடி போலியா?

“போலரைஸ்டு கண்ணாடி போட்டதும் கார் திரை கறுத்தால் அது போலி.”

நேர்மாறு. வெறும் சாயம் ஏற்றிய போலியில் திரை இப்படிக் கறுக்கவே கறுக்காது. எல்சிடி திரையின் மேலேயே ஒரு போலரைசர் படலம் இருக்கிறது. அதைக் கடந்து வரும் ஒளி ஒரே திசையில் அதிர்கிறது. கண்ணாடியோ செங்குத்து அதிர்வை விட்டு, சாலைக் கூச்சம் தரும் கிடைமட்ட அதிர்வைத் தடுக்கிறது. இரண்டும் குறுக்கே அமைந்தால் இருட்டுதான். போனை மெல்லத் திருப்பிப் பாருங்கள்: கறுத்த கோணத்திலிருந்து 90 பாகையில் தெளிந்துவிடும்.

டாஷ்போர்டில் வானவில் திட்டுகள் தெரிகின்றன, மாற்ற வேண்டுமா என்று கேட்டவருக்கு: தயவுசெய்து பணத்தை வீணாக்காதீர்கள். மேல்மூடி பிளாஸ்டிக்கை வார்த்தபோது உள்ளே தங்கிய இறுக்கமே அப்படித் தெரிகிறது.

ஓஎல்இடி போனுக்குச் சிக்கலில்லை என்றவர் சொன்னது பாதி சரி. அவற்றிலும் பெரும்பாலும் படலம் உண்டு. சில மாடல்கள் மங்கும், சிலவற்றில் நிறம் மட்டும் மாறும்.