ஷாக்வேவ் சிகிச்சை: எத்தனை புள்ளி ஏறும், யாருக்கு ஏறும்?

"மாத்திரை வேண்டாம், ஊசி வேண்டாம், ஆறே வாரத்தில் இருபது வயசு விறைப்பு." இந்த விளம்பரம் கண்ணில் படாதவர் இன்று குறைவு. கீழே கமென்ட்டில் "எவ்வளவு செலவாகும் டாக்டர்?" என்று வரிசை கட்டி நிற்கிறார்கள். அந்த விளம்பரம் விற்கும் குறைந்த வீரிய ஷாக்வேவ் சிகிச்சை சுத்த மோசடி என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகலாம். அது நியாயமாகாது. சிலருக்கு ஏதோ கொஞ்சம் பலன் கிடைக்கத்தான் செய்கிறது. அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்பதை மறைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது.

சிறுநீரகக் கல்லை உடைக்கும் அதே அதிர்வலைதான் இதுவும், வீரியம் மட்டும் பல மடங்கு குறைவு. ரத்த ஓட்டம் குறைந்த இதயத் தசையில் மெல்லிய அலையைச் செலுத்தினால் புது நுண்குழாய்கள் வளர்கின்றன என்று விலங்குகளில் பார்த்தார்கள். ஆணுறுப்பின் ரத்தக் குழாயும் அப்படி மீளாதா என்று இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் யோராம் வார்டி குழுவினர் முயன்று, 2010இல் 20 ஆண்களிடம் கிடைத்த முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் வகுத்த முறையைத்தான் பல கிளினிக்குகள் இன்றும் சொல்லிக்கொள்கின்றன. உறுப்பின் தண்டில் மூன்று இடம், அடிவேரில் இரண்டு இடம். இடத்துக்கு 300 அதிர்வு வீதம் ஓர் அமர்வுக்கு 1500. நிமிடத்துக்கு 120 அதிர்வு. வாரம் இரண்டு அமர்வாக மூன்று வாரம், பிறகு மூன்று வாரம் இடைவெளி, மறுபடி மூன்று வாரம். மொத்தம் 12 அமர்வு. மயக்க மருந்து தேவையில்லை. ஜெல் தடவி, உறுப்பை இழுத்துப் பிடித்து, கருவியின் முனையை வைத்தால் போதும். கணக்குப் போட்டால் அலை பாயும் நேரம் மட்டுமே அமர்வுக்குப் பன்னிரண்டரை நிமிடம் வருகிறது.

இனி அளவுகோலுக்கு வருவோம், விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஆராய்ச்சிகளில் விறைப்பை ஆறு கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தால் அளக்கிறார்கள். அதிகபட்சம் 30 புள்ளி. 26உம் அதற்கு மேலும் இயல்பு, 22 முதல் 25 வரை லேசான குறைபாடு, 17 முதல் 21 வரை அதற்கு அடுத்த படி, 11 முதல் 16 வரை நடுத்தரம், 10உம் அதற்குக் கீழும் கடுமை. எத்தனை புள்ளி ஏறினால் அது அந்த மனிதருக்கே தெரியும் முன்னேற்றம் என்பதையும் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். லேசான குறைபாடு என்றால் 2 போதும். நடுத்தரத்துக்கு 5 வேண்டும். கடுமையானதற்கு 7. கீழே இருப்பவர் இரண்டு புள்ளி ஏறினாலும் அது அவர் கண்ணுக்கே தெரியாது.

இதைக் கையில் வைத்துக்கொண்டு சோதனைகளைப் பாருங்கள். வார்டி குழு 2012இல் 67 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு நிஜக் கருவியும் மற்றவர்களுக்கு அதே தோற்றமும் அதே சத்தமும் உள்ள போலிக் கருவியும் வைத்தது. நிஜக் குழுவில் சராசரி 6.7 புள்ளி ஏறியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அலையே பாயாத போலிக் குழுவிலும் 3 புள்ளி ஏறியது. அப்படியானால் அலையின் கணக்கில் எழுதக்கூடியது 3.7 மட்டும். ஒன்றுமே செய்யாமல் 3 புள்ளி எப்படி ஏறும்? விறைப்பு மனதோடு பின்னிக் கிடக்கிறது. வைத்தியம் நடக்கிறது என்ற நம்பிக்கை பயத்தைக் குறைக்கிறது, தம்பதி மறுபடி முயல்கிறார்கள். அதோடு, மனிதர் ரொம்ப மோசமாக இருக்கும் நேரத்தில்தான் டாக்டரிடம் வருகிறார். அதற்கடுத்த மாதம் தானாகவே சற்று மேலாக இருக்கும்.

2017இல் டென்மார்க்கில் 126 பேரிடம் நடந்த சோதனை இன்னும் பட்டவர்த்தனமாக இதைக் காட்டியது. 5 புள்ளி ஏறினால் வெற்றி என்று வைத்தார்கள். நிஜ அலை வாங்கியவர்களில் சுமார் 38 சதவீதம் வெற்றி. போலி வாங்கியவர்களிலும் சுமார் 38 சதவீதம். போலிக் குழு இல்லாத ஒரு கிளினிக்கில் இதே 38 சதவீதமும் "எங்கள் சாதனை" என்று சுவரில் தொங்கியிருக்கும்.

டென்மார்க்கிலேயே 2015இல் வந்த வேறொரு சோதனை உண்டு, 112 பேர். அதில் உறுப்பின் கடினத்தை நான்கு படிகளில் கேட்கும் எளிய அளவுகோலில் பார்த்தால் ஐந்து வாரத்தில் நிஜக் குழுவில் 57 சதவீதம் பேரால் மாத்திரை இல்லாமல் உறவு கொள்ள முடிந்தது. போலியில் 9 சதவீதம். பிரமாதம்! ஆனால் அதே ஆட்களை அந்த ஆறு கேள்விப் படிவத்தால் அளந்தபோது இரு குழுவுக்கும் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. ஒரே சோதனை, இரண்டு பதில். விளம்பரத்தில் எந்த எண் ஏறும் என்று சொல்லத் தேவையில்லை. கிரேக்கத்தில் நடந்த சில சோதனைகள் நல்ல பலன் காட்டியதும் உண்மை. முன்பு நடந்த பல சோதனைகளைச் சேர்த்து 2017இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொன்ன சராசரி ஏற்றம் 2 புள்ளி. மேலே சொன்ன 2, 5, 7 கணக்கில் வைத்துப் பாருங்கள், லேசான குறைபாடு உள்ளவருக்கு மட்டும்தான் அது வாசலைத் தொடுகிறது.

ஓர் ஆளை வைத்தே பார்ப்போம், கற்பனை ஆள்தான். வயது 54, பத்து வருடச் சர்க்கரை, புள்ளி 9, மாத்திரையும் சரியாக வேலை செய்யவில்லை. கிளினிக் வாசலில் நிற்பவர்களில் இப்படிப்பட்டவர்கள் நிறைய. அவருக்குத் தெரியும் மாற்றம் வர 7 புள்ளி ஏற வேண்டும். வார்டியின் 2012 சோதனையின் உற்சாகமான கணக்கையே எடுத்தாலும் அலையின் பங்கு 3.7. அதிர்ஷ்டம் கூடி 16ஐத் தொட்டாலும் அவர் நடுத்தரக் குறைபாட்டில்தான் இருப்பார். சரி, அதுவாவது நிற்குமா? இஸ்ரேலில் 156 பேரை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு மாதத்தில் 63.5 சதவீதம் பேருக்குப் பலன் இருந்தது. அந்தப் பலன் கண்டவர்களிலேயே இரண்டு வருட முடிவில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் அது மிச்சம். கடுமையான குறைபாடும் சர்க்கரையும் சேர்ந்தவர்களிடம் மொத்தமும் கரைந்துபோனது. சிகிச்சை முடிந்த மாதமே புள்ளி எடுத்து, "எங்களிடம் 60 சதவீத வெற்றி" என்று போடும் கிளினிக் பொய் சொல்லவில்லைதான். அடுத்த பக்கத்தைக் கிழித்துவிட்டுக் காட்டுகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் நிஜமான ஷாக்வேவ் கருவியைப் பற்றி. பெரிய கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. பல இடங்களில் வைத்திருக்கும் கருவி ஷாக்வேவே இல்லை. பிசியோதெரபியில் குதிகால் வலிக்கும் தோள் வலிக்கும் பயன்படும் ரேடியல் கருவி அது. உள்ளே காற்றழுத்தம் ஒரு சின்ன உலோகக் குண்டைத் தள்ளும், அது முனையில் போய் இடிக்கும், அந்த இடி தோலில் பரவும். அதன் வீரியம் தோலருகே அதிகம். உள்ளே போகப் போகச் சிதறிக் குறையும். நிஜ அலையின் உச்ச அழுத்தம் இதைவிடப் பல மடங்கு, ஆழத்தில் ஒரு புள்ளியில் குவியவும் செய்யும். மேலே சொன்ன முக்கியமான சோதனைகள் குவிக்கும் ரகத்தில் நடந்தவை. அந்தச் சோதனைத் தாளைக் காட்டி ரேடியல் கருவியை விற்பது, மாருதியின் மைலேஜைச் சொல்லி மாட்டுவண்டி விற்பது மாதிரி.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி, கருவியின் திரையைப் பாருங்கள். அழுத்தத்தை `bar` என்று காட்டினால் பெரும்பாலும் அது ரேடியல். குவிக்கும் கருவி வீரியத்தை `mJ/mm²` என்ற அலகில் காட்டும். வார்டியின் முறையில் அது 0.09. திரையில் வெறும் "லெவல் 3" என்று மட்டும் இருந்தால், அது எத்தனை என்று கேளுங்கள். இயக்குபவருக்கே பதில் தெரியாவிட்டால் அந்த இடத்தில் என்ன அளவு பாய்கிறது என்று யாருக்கும் தெரியாது. வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி விற்கும் கைக்கருவிகளும் பெரும்பாலும் இடிக்கும் ரகம்தான்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் பெயரில் வரும் "எஃப்.டி.ஏ. அங்கீகாரம்" என்ற வரிக்கும் மயங்க வேண்டாம். விறைப்புக் குறைபாட்டுக்கு என்று எந்த ஷாக்வேவ் கருவிக்கும் அமெரிக்காவில் அந்த அங்கீகாரம் கிடையாது. தசை வலிக்காகப் பதிவு செய்த கருவியைப் பற்றித்தான் அப்படிப் பேசுகிறார்கள். அமெரிக்க யூராலஜி சங்கம் 2018 வழிகாட்டியில் இதை ஆராய்ச்சி நிலைச் சிகிச்சை என்றுதான் வகைப்படுத்தியது. அந்நாட்டுப் பாலியல் மருத்துவச் சங்கம், ஆராய்ச்சிக்குள் வைத்துச் செய்யுங்கள், நோயாளியிடம் பெரிதாகக் காசு வாங்காதீர்கள் என்றது. ஐரோப்பிய யூராலஜி சங்கம் சற்று இளகி, ரத்தக் குழாய்க் காரணத்தால் லேசான குறைபாடு உள்ளவர்களுக்கு, விஷயத்தை விளக்கிச் சொன்னபின் தரலாம் என்று பலவீனமான பரிந்துரை தந்தது. ஆனால் அமெரிக்கப் பெருநகரங்களின் கிளினிக்குகளைத் தொலைபேசியில் விசாரித்த ஓர் ஆய்வில் ஒரு முழுச் சிகிச்சைக்கு வாங்கும் சராசரித் தொகை 3300 டாலருக்கு மேல் வந்தது. யூராலஜிஸ்ட் நடத்துபவை கால்வாசிதான்.

ஏன் இவ்வளவு ஊதுகிறார்கள் என்றால், கணக்கு அப்படி. கருவியை ஒருமுறை வாங்கிவிட்டால் பிறகு செலவு ஜெல்லும் ஊழியர் சம்பளமும்தான். பெரிய பக்கவிளைவு கிடையாது, சற்று வலி, சில சமயம் தோலில் ரத்தக்கட்டு, அவ்வளவே. அதனால் புகார் வராது. பலன் தெரியாதவரும் வெளியே சொல்ல வெட்கப்படுவார். "இன்னும் ஆறு அமர்வு போட்டால் சரியாகும்" என்று சொல்ல எப்போதும் இடம் இருக்கிறது. கூடவே தினம் 5 மில்லிகிராம் டடாலஃபில் என்ற விறைப்பு மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு, விறைப்பு வந்ததும் அலைக்கு மாலை போடுவதும் நடக்கும். மாத்திரைச் சீட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ரத்தக் குழாய்க் காரணம் இல்லாதவருக்கு இந்த அலையால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. காலையில் தானாக நல்ல விறைப்பு வருகிறது, துணையோடு மட்டும் வரவில்லை என்றால் குழாய் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் குறைவு, ரத்த அழுத்த மாத்திரையின் விளைவு, புராஸ்டேட் அறுவையில் நரம்பு அறுபட்டது ஆகியவையும் வேறு கதை.

அதனால் பணம் கட்டும் முன் இரண்டு வேலை. ஒன்று, சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், காலை நேர டெஸ்டோஸ்டிரோன் பார்த்துவிடுங்கள். ஆணுறுப்பின் குழாய் இதயத்தின் குழாயைவிடச் சின்னது, அடைப்பு அங்கே முதலில் தெரியும். மாரடைப்புக்குச் சில வருடம் முன்பே விறைப்பு குறைவது அடிக்கடி நடப்பதுதான். பன்னிரண்டு அமர்வு முடியட்டும் என்று காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும். இரண்டு, "மாத்திரை வேலை செய்யவில்லை" என்பதைச் சோதித்துப் பாருங்கள். சில்டனாஃபில் என்ற விறைப்பு மாத்திரையைப் பிரியாணி சாப்பிட்ட கையோடு போட்டுவிட்டு, அரை மணியில் தானாக எழும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏராளம். வெறும் வயிற்றில், ஒரு மணி நேரம் முன்பு, பாலியல் தூண்டுதலோடு, டாக்டர் அனுமதித்த முழு அளவில் குறைந்தது ஆறு முறையாவது முயலாமல் அது தோற்றது என்று எழுதக் கூடாது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர் மட்டும் அதைத் தொடவே கூடாது.

இரண்டையும் செய்து, லேசான குறைபாடுதான், ரத்தக் குழாய்க் காரணம்தான், குவிக்கும் கருவிதான் என்று உறுதியாகி, இந்தப் பணம் போனாலும் பரவாயில்லை என்று நினைப்பவர் முயன்று பார்க்கட்டும். தொடங்கும் நாளிலேயே அந்த ஆறு கேள்விப் படிவத்தை நிரப்பித் தேதி போட்டு ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும், மாத்திரை போடாத வாரங்களில், மறுபடி நிரப்புங்கள்.