சங்கிலி போட்ட எக்ஸிட்

நேத்து ராத்திரி ஹட்டன்ல எங்க ஹாஸ்டல்ல ஃபயர் ட்ரில். முன்படியில புகைன்னு நெனச்சிக்கங்க, பின்படியால இறங்குங்கன்னாங்க, சரின்னு அந்தக் குளிர்ல ஸ்வெட்டர்கூட போடாம நானும் தங்கச்சியும் ரெண்டாம் மாடியிலருந்து ஓடுறோம், கீழ போய்ப் பார்த்தா எக்ஸிட் கதவுல சங்கிலி, அதுல உள்ளங்கை அளவுக்கு பூட்டு! பின்னால வர்ற புள்ளைங்களுக்கு பூட்டியிருக்கிறது தெரியாதே, வந்து முட்டிக்கிட்டே இருக்குதுங்க, தங்கச்சி கதவோட நசுங்கி "அக்கா தள்ளாத"ங்கிறா, நான் எங்கடி தள்ளுறேன்.

சாவி மேட்ரன்கிட்ட. மேட்ரன் கிரவுண்ட்ல பேர் கூப்பிட்டுக்கிட்டு நிக்கிறாங்க. சாவி வர ஆறு நிமிஷம். நெசப் புகைன்னா கரண்டும் போயிருக்கும், அந்த இருட்டுல பூட்டு ஓட்டையக்கூட தேட முடியாது.

ஏன்னு கேட்டா, புள்ளைங்க ராத்திரி வெளிய போயிரக்கூடாதாம். அதுக்குத்தான் உள்ளருந்து தள்ளினா தொறக்குற பார் இருக்கே, தொறந்தா அலாரம் அடிக்கிற மாதிரி வச்சா யாரு போனாலும் தெரிஞ்சிரும்ல. வெளியில இருந்து தொறக்கவும் முடியாது, கள்ளனும் வரமாட்டான்.

இதுல கூத்து என்னான்னா, சங்கிலிக்கு மேல பச்சை எக்ஸிட் போர்டு மட்டும் பளபளன்னு எரியுது. ரிப்போர்ட்ல "அனைவரும் வெளியேறினர்"னு எழுதிட்டாங்களாம். எத்தன நிமிஷத்துலன்னு எழுதலயே மேட்ரன்?