ரைனோ ஃபில்லெட் பத்தி ஒரு சின்ன திருத்தம்

"ஃபில்லெட் போட்டுட்டா மூலை முழுசா ஸ்மூத் ஆயிடும்."

பாதி சரிங்க. ஃபில்லெட் டேன்ஜென்ட்டா சேருது, அதாவது G1 வரைக்கும் தான், வளைவு அங்க டக்குனு தாவுது: நேர்கோட்டுக்கு 0, 10 மிமீ ஆரம் உள்ள ஆர்க்குக்கு 0.1, நடுவுல படிப்படியா ஏறவே இல்ல. ரெண்டு கர்வையும் செலக்ட் பண்ணி `CurvatureGraph` போட்டு பாருங்க, சேர்ற இடத்துல கிராஃப் படிக்கட்டு மாதிரி எகிறும், `GCon` கேட்டாலும் G1னு தான் சொல்லும். சர்ஃபேஸ்ல `Zebra` வச்சா கோடு அறுந்து போகாது, ஆனா மூட்டுல சட்டுனு ஒடியும்.

கன்ட்ரோல் பாயின்ட் கூட்டினா இந்த தாவல் போயிடும்னு சொல்றாங்க, ஆனா போகாதுங்க. ஆர்க்கை எடுத்துட்டு அந்த இடைவெளியில `BlendCrv` போட்டு ரெண்டு பக்கமும் கர்வேச்சர் வைங்க, முனையிலேருந்து மூணாவது பாயின்ட் வரைக்கும் அதுவே பொருத்திக்கும். மெஷின் பார்ட்டுக்கு ஃபில்லெட்டே தாராளம், பளபளப்பான உடம்புன்னா ரிஃப்ளெக்‌ஷன் பாத்து தான் முடிவு பண்ணணும்.