வெந்த கடலையில் தண்ணீரே இல்லையாம்!

மூன்று வாரம். முழுசாக மூன்று வாரம் ஒரு பொய்க் கணக்கை நம்பிச் சாப்பிட்டிருக்கிறேன். பொய் சொன்னது யாரோ அல்ல, நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து கட்டிய விரிதாள். அதுதான் வயிறு எரிகிறது.

வேலை எளிமையானதுதான். ஒரு வாரத்துக்கு என்ன சமைக்கப்போகிறேன் என்று எழுதி, ஒவ்வொரு பொருளையும் கிராமில் போட்டால், புரதம், மாவுச்சத்து, கொழுப்பு மூன்றும் கூட்டி வர வேண்டும். ஒரு தாளில் பொருள்களின் பட்டியல், 100 கிராமுக்கு எவ்வளவு என்ற எண்களோடு. இன்னொரு தாளில் கிழமை, பொருள், எடை. எடையை 100ஆல் வகுத்து, பட்டியலில் இருக்கும் எண்ணால் பெருக்கு. அவ்வளவுதானே? பத்தாம் வகுப்புக் கணக்குகூட இல்லை. நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இதை எழுதினேன்:

```
=C2/100*VLOOKUP(B2,Foods!A$2:D$300,2)
```

B நிரலில் பொருளின் பெயர், C நிரலில் கிராம். Foods என்பது பொருள் பட்டியல் தாள், VLOOKUP அதில் பெயரைத் தேடி எண்ணை எடுத்துவரும். எண்கள் வந்தன. எங்கேயும் சிவப்பு இல்லை, பிழைச் செய்தி இல்லை. கீழே வாரக் கூட்டுத்தொகை அழகாக நின்றது. எனக்கு ஒரே பெருமிதம். நானே எனக்கு ஒரு காபி போட்டுக் கொடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் என் தங்கை என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "அண்ணா, ஒரு தட்டு கடலைக் குழம்புல 30 கிராம் புரதமா? கடலையைத்தானே போட்ட, வேற ஏதாவது போட்டியா?"

"உனக்கு என்ன தெரியும், கடலைன்னாலே புரதம்தான்" என்று அவள் வாயை அடைத்தேன். அப்புறம்தான் உறுத்த ஆரம்பித்தது.

அந்தக் குழம்பைப் பிரித்துப் பார்க்கிறேன். வேகவைத்த கொண்டைக்கடலை 560 கிராம், வெங்காயம் 200, தக்காளி 300, எண்ணெய் 30. நான்கு பேருக்கு. கடலையை மொத்தமாக வேகவைத்து உறையவைத்திருந்தேன், அதிலிருந்து எடுத்து எடை போட்டேன். அதனால் நேர்மையாக "கொண்டைக்கடலை வேகவைத்தது" என்றே தட்டச்சு செய்தேன். ஆனால் என் பட்டியலில் அப்படி ஒரு வரி இல்லை. "கொண்டைக்கடலை" என்ற வரி மட்டும்தான் இருந்தது, அது காய்ந்த கடலை.

இல்லாத பெயரைக் கேட்டால் ஒரு நியாயமான கருவி என்ன செய்யும்? "இல்லை" என்று சொல்லும். இது சொல்லவில்லை. அந்த VLOOKUP சூத்திரத்தின் கடைசியில் நான் FALSE போடாமல் விட்டதால், அது தோராயப் பொருத்தம் என்ற ஒரு மகத்தான சேவையில் இறங்கிவிட்டது. கேட்ட பெயர் கிடைக்காவிட்டால், அகரவரிசையில் அதற்குச் சற்று முன்னால் எது இருக்கிறதோ அதை எடுத்துக் கொடுக்கும். "கொண்டைக்கடலை வேகவைத்தது" என்பதற்குச் சற்று முன்னால் என்ன இருக்கும்? "கொண்டைக்கடலை"! காய்ந்தது! நான் பட்டியலை ஒழுங்காக அகரவரிசையில் அடுக்கிவைத்த நல்ல பிள்ளை என்பதால், தவறு இன்னும் கச்சிதமாக நடந்தது. அடுக்காமல் வைத்திருந்தால் கடலைக்கு எங்கேயோ இருக்கும் வெண்ணெயின் எண் வந்திருக்கும், அப்போதே கண்டுபிடித்திருப்பேன்.

காய்ந்த கடலை 100 கிராமில் புரதம் ஏறக்குறைய 20.5. வேகவைத்ததில் 8.9. காரணம் தண்ணீர், வேறு மாயம் இல்லை. 250 கிராம் காய்ந்த கடலை ஊறி வெந்தால் ஏறக்குறைய 560 கிராம் ஆகும். புரதம் அதே 50 கிராம் அளவுதான், எடை மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். என் விரிதாளோ வெந்த எடையைக் காய்ந்த எண்ணால் பெருக்கி 115 கிராம் என்றது. வெங்காயம், தக்காளியில் இருக்கும் ஐந்து கிராமையும் சேர்த்து நான்கால் வகுத்தால் தட்டுக்கு 30. உண்மை 14. வாரத்துக்கு நான்கு நாள் அதைச் சாப்பிட்டேன். 64 கிராம் புரதம் காற்றில் போயிருக்கிறது, வாராவாரம்.

அரிசியிலும் இதே கூத்து நடக்கும், இதைவிட மோசமாக. பச்சையாக 100 கிராமில் 365 கலோரி, சாதமாக 130. இறைச்சியில் தலைகீழ், வெந்தால் தண்ணீர் போய் எடை குறையும், 100 கிராமுக்கான புரதம் ஏறும். கோழி நெஞ்சுக்கறி பச்சையாக 22 என்றால் வெந்தால் 31. அதனால் "பச்சை எண்ணைப் போட்டால் எப்போதும் அதிகமாக வரும்" என்று ஒரு குருட்டு விதியும் வைத்துக்கொள்ள முடியாது. பட்டியலில் பெயருக்குள்ளேயே நிலை எழுதியிருக்க வேண்டும். "கொண்டைக்கடலை" என்று மொட்டையாக ஒரு வரி வைத்தது என் குற்றம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக இப்படியா?

சரி, FALSE சேர்த்தேன்.

```
=C2/100*VLOOKUP(B2,Foods!A$2:D$300,2,FALSE)
```

தாள் முழுக்க, தேடியது கிடைக்கவில்லை என்று சொல்லும் #N/A பூத்தது. வாரக் கூட்டுத்தொகையும் #N/A. ஏன் என்று பார்த்தால், நம் ஆட்கள் எழுதும் விதம். ஒரு இடத்தில் "கொண்டைக்கடலை", இன்னொரு இடத்தில் "கொண்டைக் கடலை", அவசரத்தில் அடித்த இடத்தில் "கொண்டகடலை". நமக்கு மூன்றும் ஒன்று, அதற்கு மூன்று வேறு பொருள்கள். இத்தனை நாளும் இந்தப் பெயர்களுக்கெல்லாம் எந்த எண்ணை எடுத்துக் கொடுத்திருக்கிறதோ, அதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

அப்போது ஒரு நண்பர் வந்து, "இதுக்குப் போய் இவ்வளவு அலட்டலா? IFERROR போட்டு சைபர்னு வச்சிருங்க, சுத்தமாயிடும்" என்றார். புத்தி கெட்டுப் போய் நானும் செய்தேன். சுத்தமாகத்தான் ஆயிற்று. கிடைக்காத பொருளெல்லாம் பூஜ்யம். எடைக் கட்டத்தில் "150 கி" என்று எழுத்தோடு அடித்திருந்தால் அதுவும் பெருக்க முடியாமல் பிழை ஆகி, அமைதியாகப் பூஜ்யம். முன்னே அதிகமாகக் காட்டிய தாள் இப்போது குறைவாகக் காட்டியது. இரண்டு வகையிலும் அது வாயே திறக்கவில்லை. பிழையை மறைப்பதற்குப் பெயர் சுத்தமா? குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டு வீடு பெருக்கியாயிற்று என்பது மாதிரி.

IFERROR எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன். #N/A வந்தால் வரட்டும். கூட்டுத்தொகை பக்கத்திலேயே ஒரு கட்டத்தில், பட்டியலில் இல்லாத பெயர்கள் எத்தனை என்று எண்ணவைத்தேன்:

```
=SUMPRODUCT((B2:B80<>"")*(COUNTIF(Foods!A$2:A$300,B2:B80)=0))
```

இது 0 ஆகாதவரை வாரக் கணக்கைப் பார்ப்பதே இல்லை என்று முடிவு. எடைக்கு எண் மட்டும்தான் அடிப்பது, "கி" என்பது கட்டத்தின் எண் வடிவமைப்பில் ஒட்டிக்கொண்டு காட்சிக்கு மட்டும் வரும்.

ஆனால் இதெல்லாம் பெயர்ப் பிழையைத்தான் பிடிக்கும். பட்டியலில் "காய்ந்தது", "வெந்தது" இரண்டும் இருந்து நானே தவறானதைத் தேர்ந்தெடுத்தால்? இதற்குப் பலரும் சொல்லும் வழி 4-4-9. புரதத்தையும் மாவுச்சத்தையும் நான்கால் பெருக்கு, கொழுப்பை ஒன்பதால் பெருக்கு, கூட்டி வரும் கலோரியை அட்டவணையின் கலோரியோடு ஒப்பிடு. கொழுப்பு எண்ணைப் புரத நிரலில் ஒட்டிவிட்டால் அதை இது பிடிக்கும், மறுக்கவில்லை. (சிறு வித்தியாசத்துக்குப் பதற வேண்டாம். காய்ந்த கடலைக்கு இப்படிப் பெருக்கினால் 388 வரும், அமெரிக்க வேளாண்மைத் துறை அட்டவணையில் 378 இருக்கும்.) ஆனால் என் பிழைக்கு இது உதவவே உதவாது. காய்ந்த கடலை வரி தன்னளவில் சரியான வரி, அதன் நான்கு எண்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். தவறு எடைக்கும் வரிக்கும் இடையில் இருக்கிறது. எத்தனை முறை 4-4-9 போட்டாலும் "எல்லாம் சரி" என்றே வரும்.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது மிகச் சாதாரணமான ஒரு நிரல். மூன்று சத்துகளின் கிராமையும் கூட்டி, பொருளின் எடையால் வகுத்தேன். அந்தக் கடலைக்கு 115 புரதம், 353 மாவுச்சத்து, 34 கொழுப்பு. மொத்தம் ஏறக்குறைய 500 கிராம், 560 கிராம் கடலையில்! அதாவது விரலால் நசுக்கினால் மசியும் வெந்த கடலையில் பத்து சதவீதம் அளவுக்குத்தான் ஈரமாம். மூட்டையில் கிடக்கும் காய்ந்த கடலைக்குத்தான் அந்தக் கணக்கு. உண்மையில் வெந்த கடலையில் 60 சதவீதம் தண்ணீர், அந்த விகிதம் 0.39 வர வேண்டும். இப்போது "வெந்தது" என்று பெயரில் இருந்து இந்த விகிதம் 0.6ஐத் தாண்டினால் கட்டம் சிவக்கும்படி வைத்திருக்கிறேன். எண்ணெயில் வறுத்தெடுத்ததற்கு இது பொருந்தாது, ஆனால் என் வாரத்துக்குப் போதும்.

இன்னொரு கடுப்பு, நான்கால் வகுத்தது. யார் சொன்னது என் தட்டு சரியாகக் கால் பங்கு என்று? காலிப் பாத்திரம் 900 கிராம். சமைத்து முடித்தபின் 2,100. குழம்பு 1,200. நான் ஊற்றிக்கொண்டது 380. மொத்தப் புரதம் 55 என்றால் என் பங்கு 55 × 380 ÷ 1200, ஏறக்குறைய 17. கொதித்து எவ்வளவு தண்ணீர் வற்றினால் என்ன, தண்ணீரோடு புரதம் போவதில்லை. பாத்திரத்தின் எடையை மட்டும் முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். குழம்பை ஊற்றிய பிறகு "காலிப் பாத்திரம் எவ்வளவு இருந்தது?" என்று விழித்திருக்கிறேன். அனுபவம்.

சமையல் குறிப்பு எழுதுகிறவர்களே, உங்களுக்கும் ஒன்று. "எண்ணெய் – தேவையான அளவு". யாருக்குத் தேவையான அளவு? ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே ஏறக்குறைய 120 கலோரி. வெங்காயத்தை 200 கிராம் என்று துல்லியமாக எழுதிவிட்டு, முழுக்க முழுக்கக் கொழுப்பாக இருக்கும் ஒரே பொருளை மட்டும் என் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறீர்கள். வெங்காயத்தில் ஐம்பது கிராம் கூடினால் இருபது கலோரி. எண்ணெயில் கை கொஞ்சம் சாய்ந்தால் ஒரு சாப்பாடே மாறிவிடும். இப்போது எண்ணெய்ப் புட்டியையே தராசில் வைத்து, ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்க்கிறேன். தங்கை சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

இன்று காலை அடுத்த வாரத்துக்கான பட்டியலை முடித்தேன். எண்ணும் கட்டம் 1 என்றது. #N/A நின்ற வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், பெயர் சரியாகத்தான் இருந்தது. அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, "தக்காளி"க்குப் பின்னால் ஒரு இடைவெளி அடித்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி!