உச்சி குளிரக் கூப்பிடுவது

யொரூபா மொழியில் செல்லமாகக் கூப்பிடுவதை எல்லாம் "அன்பே", "செல்லமே" என்று மொழிபெயர்த்துத் தள்ளுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நைஜீரியாவில் யொரூபா பேசும் இபாடான் நகரத்தில் மூன்று வருஷம் குடியிருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி. காலையில் பேத்தி வந்து மண்டியிட்டு வணக்கம் சொல்லுவாள். பாட்டி "ம்" என்று சொல்லி அனுப்பிவிட மாட்டார். "அடுக்கெ!" என்று ஆரம்பிப்பார். (தமிழில் எழுதினால் பாத்திர அடுக்கு மாதிரி இருக்கிறது, வேறு வழியில்லை.) பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர். இது ஒரிக்கிப் பெயர், அதாவது புகழ்ப்பெயர். பிறந்தபோது வைத்தது. கொஞ்சவும், தேற்றவும், அடம்பிடித்தால் வழிக்குக் கொண்டுவரவும் இதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

அந்தப் பெயருக்குள் ஒரு முழு வாக்கியம் இருக்கிறது. கடைசியில் வரும் "கெ" என்பது சீராட்டுவது, பொத்திப் பொத்தி வளர்ப்பது. நடுவில் உள்ள "டு" என்றால் போட்டி போடுவது. அடுக்கெ என்றால், சீராட்டுவதற்கு ஆளாளுக்குப் போட்டி போடுகிற பிள்ளை. அபெக்கெ என்றால் கெஞ்சி வாங்கிச் சீராட்டுகிற பிள்ளை. அஜொக்கெ, எல்லாரும் சேர்ந்து சீராட்டுகிறவள். ஆண் பிள்ளையான அஜானி, போராடிப் பெற்றவன்.

இதில் பிள்ளையின் அழகைப் பற்றியோ குணத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை என்பதைக் கவனியுங்கள். சுற்றியிருப்பவர்கள் என்ன பாடுபட்டார்கள், என்ன செய்கிறார்கள் என்பதுதான் பெயர். அதனால் "போட்டியிட்டுச் சீராட்டப்படுபவள்" என்று பெயர்ச்சொல்லாக மாற்றினால் அரசாங்கச் சுற்றறிக்கை மாதிரி ஆகிவிடுகிறது. நான் எழுதினால் "உன்னைத் தூக்க இங்க அடிதடியே நடக்குதுடி" என்று எழுதுவேன். பெயர் வாக்கியமாகிவிட்டது, உண்மைதான். ஆனால் பாட்டியின் குரல் தப்பித்தது.

இன்னொரு சிக்கல் "ஒக்கோ மி". நேர் அர்த்தம் "என் புருஷன்". கல்யாணமாகி வந்த பெண், தனக்கு முன்னால் அந்த வீட்டில் பிறந்த பொடிசுகளைக்கூட இப்படித்தான் கூப்பிடுவாள். அது பெண் குழந்தையாக இருந்தாலும் சரி. பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பதால் அவளே பட்டப்பெயரும் வைப்பாள்: "எயின்ஃபுன்ஜோவோ", சோழியைவிட வெள்ளைப் பல்லழகி. சோழிதான் அங்கே அந்தக் காலத்துக் காசு. இதைப் படித்து முகம் சுளிக்கிறவர்கள், நம் ஊரில் அம்மாக்கள் மடியில் கிடக்கும் மகனை "என்னப் பெத்த ராசா" என்று கொஞ்சுவதை ஒரு வெளியூர்க்காரருக்கு விளக்கிப் பாருங்கள். உறவைத் தலைகீழாக்கிக் கொஞ்சுவது நமக்கும் கைவந்த கலை. மொழிபெயர்ப்பாளர் அந்தக் கலையைத்தான் தேட வேண்டும், "புருஷன்" என்ற சொல்லை அல்ல.

ஒரிக்கி பெயராக மட்டுமல்ல, பாட்டாகவும் வரும். நான் ரொம்பக் கஷ்டப்பட்டது இரட்டைக் குழந்தைகளுக்கான ஒரிக்கிப் பாட்டில். எடுன் எனப்படும் நீளவால் கொலோபஸ் குரங்கு இரட்டையருக்கு உறவு என்பது நம்பிக்கை. மரத்து மேலே விளையாடும் எடுனின் பிள்ளைகளே என்று அழைத்து, "கீஷி கேசெ" என்று தாவவிட்டு, கந்தல் கட்டியவன் வீட்டில் குதித்தார்கள், அவனைத் துணி உள்ளவன் ஆக்கினார்கள் என்று முடிப்பார்கள். முதலில் "குரங்குக்குட்டிகளே" என்று போட்டேன். தப்பு. தமிழில் அது சேட்டைக்காரப் பிள்ளையைத் திட்டிக் கொஞ்சுவது. அங்கே அது குலப்பெருமை. கடைசியில் எடுனை அப்படியே வைத்துக்கொண்டேன்.

துணிதான் இதில் உயிர். "மனுஷர்தான் என் உடுப்பு" என்று அங்கே ஒரு சொலவடை உண்டு. ஒமோலாஷோ, பிள்ளைதான் துணி, என்று பெயரே வைக்கிறார்கள். ஆகவே கந்தல்காரன் துணி உள்ளவன் ஆனான் என்றால் பணம் வந்தது என்று மட்டும் அர்த்தமில்லை. மானத்தை மறைக்க ஆள் வந்தது. "செல்வம் தந்தீர்கள்" என்று எழுதினால் இந்தச் சொலவடை செத்துப்போகும். என் வரிகள் இப்படி நின்றன:

"இங்க ஒரு தாவு, அங்க ஒரு தாவு,
கந்தல் கட்டினவன் வீட்டுல குதிச்சீங்க,
அவன் கொடி நிறையத் துணி காயுதே!"

கொடி மூலத்தில் இல்லை, நான் கட்டியது. திட்டுகிறவர்கள் திட்டலாம்.

ஒரிக்கி கேட்டவருக்குத் தலை வீங்கும் என்பார்கள் யொரூபாவில். "ஒரி மி வு", என் தலை வீங்கிற்று. நேராகப் போட்டால் தலைக்கனம் ஆகிவிடும். இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். அந்தப் பேத்தி மண்டியிட்டபடியே கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த முகம் ஞாபகம் வந்த பிறகு எழுதினேன்: உச்சி குளிர்ந்துபோச்சு.