ஏப்ரல் 13, ஞாயிறு என்று ஒரு நாளே இல்லை

வாசகர் வட்டக் கூட்ட அறிவிப்பு விவகாரம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். "ஏப்ரல் 13, ஞாயிறு மாலை 5 மணி, மைய நூலகம்" என்று வாட்ஸ்அப் குழுவில் வந்தது. இந்த 2026இல் ஏப்ரல் 13 திங்கட்கிழமை. ஞாயிறு 12ஆம் தேதி. சிலர் ஞாயிறு போனார்கள், சிலர் திங்கள் போனார்கள். ஞாயிறு போனவர்களிலும் இரண்டு பேர் வேறு நூலகத்துக்குப் போய் நின்றார்கள்.

அதன்பிறகு குழுவில் வந்த பதில்தான் என்னை எழுத வைத்தது: "இது ஒரு சின்னத் தப்பு. யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

யாரும் ஏன் கேட்கவில்லை? ஏனென்றால் யாருக்கும் தப்பு கண்ணில் படவே இல்லை. அறிவிப்பைப் படிக்கும் யாரும் கிழமை, தேதி இரண்டையும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. வேலைக்குப் போகிறவர் "ஞாயிறு, லீவுதான், போகலாம்" என்று கிழமையை மட்டும் எடுத்துக்கொள்கிறார். நாட்காட்டியில் குறித்து வைக்கிறவர் 13ஐ வட்டம் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார். ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். அவரவர் கையில் இருந்த பாதியில் எந்தக் குழப்பமும் இல்லை. முரண்பாடு எழுதியவரின் வரியில் மட்டும்தான் இருந்தது. அதைப் பிடிக்கக்கூடிய ஒரே ஆள் எழுதியவர், ஒரே நேரம் அனுப்புவதற்கு முந்தைய நிமிடம்.

இது எப்படி நடக்கிறது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. 2025இல் ஏப்ரல் 13 ஞாயிற்றுக்கிழமைதான். போன வருட அறிவிப்பை நகலெடுத்து, தலைப்பை மட்டும் மாற்றினால் இதுதான் வரும். சாதாரண வருடத்துக்கு 365 நாள், அதாவது 52 வாரமும் ஒரு நாளும். அந்த ஒரு நாளால் அதே தேதி அடுத்த வருடம் ஒரு கிழமை தள்ளிப் போகும். இடையில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு கிழமை தள்ளும். போன மாத அறிவிப்பை நகலெடுக்கிறவர்களுக்கு வேறொரு பொறி இருக்கிறது. சாதாரண வருடத்தில் பிப்ரவரிக்கு 28 நாள் என்பதால் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஒரே தேதிக்கு ஒரே கிழமை. பிப்ரவரி அறிவிப்பில் மாதத்தை மட்டும் மாற்றி மார்ச்சில் அனுப்பினால் சரியாகவே இருக்கும். அந்த நம்பிக்கையில் மார்ச் அறிவிப்பை ஏப்ரலுக்கு எடுத்தால் மூன்று கிழமை பிசகும்.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்றுதான். அறிவிப்பை எழுதி முடித்த பிறகு நாட்காட்டியைத் திறந்து, அந்தத் தேதியில் விரலை வைத்து, மேலே என்ன கிழமை என்று வாய்விட்டுப் படியுங்கள். பிறகு அறிவிப்பைப் பாருங்கள். இந்த வரிசை முக்கியம். அறிவிப்பில் "ஞாயிறு" என்று முதலில் பார்த்துவிட்டு நாட்காட்டிக்குப் போனால், கண் ஞாயிறு வரிசையிலேயே எதையோ தேடித் திருப்திப்பட்டுவிடும். நாட்காட்டி எந்த வருடத்தில் நிற்கிறது என்பதையும் பாருங்கள். போனில் மாதங்களைத் தள்ளிக்கொண்டே போய் வருடம் மாறியிருப்பதைக் கவனிக்காதவர்கள் உண்டு.

"அப்படியென்றால் கிழமையே போட வேண்டாம், தேதி மட்டும் போதும்" என்கிறார் ஒரு நண்பர். கூடாது. கிழமையும் தேதியும் ஒன்றுக்கொன்று சாட்சி. ஒன்றை எடுத்துவிட்டால், 12க்குப் பதில் 13 என்று விரல் தவறி அடித்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டையும் போடுங்கள், இரண்டையும் ஒத்துப் பாருங்கள். "வர்ற ஞாயிறு", "நாளைக்கு" என்று மட்டும் எழுதுவது இதைவிட மோசம். "நாளைக்கு" என்ற செய்தியை நாளைக்குத் திறந்து படிக்கிறவர் மறுநாள் கிளம்புவார்.

நள்ளிரவுக்கும் இதே கதைதான். "சனிக்கிழமை ராத்திரி 12.15க்கு ரயில்" என்று வீட்டில் சொல்கிறோம். டிக்கெட்டில் அது ஞாயிற்றுக்கிழமைத் தேதி, 00:15. ஞாயிறு ராத்திரி ஸ்டேஷனுக்குப் போகிறவருக்கு ரயில் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். அந்த நேரத்து விஷயங்களை "சனி இரவு, ஞாயிறு விடிவதற்கு முன்" என்று இரண்டு கிழமையையும் போட்டு எழுதினால்தான் தெளிவு.

இடத்துக்கு வருகிறேன். "மைய நூலகம் என்றால் எல்லாருக்கும் தெரியுமே" என்றார்கள். சென்னையில் மாவட்ட மைய நூலகம் அண்ணா சாலையில் இருக்கும் தேவநேயப் பாவாணர் நூலகம். பழைய ஆட்கள் எல்.எல்.ஏ. பில்டிங் என்பார்கள். மாநில மைய நூலகமோ எழும்பூர் கன்னிமாரா. இரண்டுமே மைய நூலகம்தான். எழும்பூருக்குப் போன இரண்டு பேரும் அறிவிப்பில் இருந்ததை அப்படியே நம்பிப் போனவர்கள். அவர்களைப் போய் "விசாரிக்கலையா" என்று கேட்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

முழுப் பெயர், ஊர்ப்பகுதி, சாலை, எந்த மாடி, எந்த அரங்கு, இவ்வளவும் வேண்டும். "அண்ணா சாலை" என்று மட்டும் போட்டால் அது தீவுத்திடல் பக்கத்திலிருந்து கத்திப்பாரா வரை நீளும் சாலை. கதவு எண் போட்டால் பழைய எண்ணா புதிய எண்ணா என்று குறிப்பிடுங்கள். சென்னையில் பல தெருக்களில் இரண்டும் பலகையில் இருக்கும், ஒரு வீட்டின் பழைய எண் இன்னொரு வீட்டின் புதிய எண்ணாகவும் இருக்கும். வழி சொல்லும் வரியையும் நகலெடுக்காதீர்கள். தென் மாவட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு "கோயம்பேட்டில் இறங்கி" என்று இன்னமும் எழுதுகிறார்கள். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்தாகிவிட்டது. வரைபட இணைப்பை நீங்களே தொட்டுப் பாருங்கள். வீட்டில் உட்கார்ந்துகொண்டு "தற்போதைய இருப்பிடம்" என்பதை அழுத்தினால், அரங்குக்குப் பதிலாக உங்கள் வீடுதான் போகும்.

"இலவசமாக உழைக்கிறவர்களை இப்படிக் குறை சொல்லலாமா?" உழைப்பை நான் குறை சொல்லவில்லை. நான் கேட்பது ஒரு நிமிடம். வேறொருவரிடம் காட்டச் சொன்னால் "காட்டினோமே, சரின்னுதான் சொன்னார்" என்கிறார்கள். "சரியா இருக்கா?" என்று கேட்டால் யாரும் சரி என்றுதான் சொல்வார்கள். "இதைப் பார்த்துட்டு நீங்க எந்தத் தேதி, என்ன கிழமை, எங்க வருவீங்க?" என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர் நாட்காட்டியைத் திறந்தாக வேண்டும்.

தப்பு தெரிந்ததும் அந்தச் செய்தியையே திருத்திவிடலாமே என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள்தான் திருத்த முடியும். திருத்தினாலும் படித்து முடித்தவருக்குப் புதிதாக அறிவிப்பு ஒலி வராது. வேறு குழுக்களுக்குப் போன நகல் மாறவே மாறாது. திருத்தம் தனிச் செய்தியாகப் போக வேண்டும். "தேதித் திருத்தம்: 13 திங்கள் அல்ல, 12 ஞாயிறு" என்று தவறும் சரியும் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். பழையது போன எல்லாக் குழுவுக்கும் அது போக வேண்டும்.

திங்கட்கிழமை செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயில் ஏறி வந்த பெரியவர் வெறும் அரங்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். குழுவில் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அந்தப் பழைய அறிவிப்பை 30 நாள் நிற்கும்படி குழுவின் உச்சியில் குத்தி வைத்திருந்தார்கள். இன்று காலை பார்த்தேன், "ஏப்ரல் 13, ஞாயிறு" இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.